பழைய அலுவலகத்தின் ப்ராக்ஸியும் நான் இழந்த நான்கு நாட்களும்

மூன்று வருடம் வேலை பார்த்த அலுவலகத்தை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்து பிழைக்கலாம் என்று முடிவெடுத்த முதல் வாரம் அது. கையில் ஒரு வேலை வந்துவிட்டது. நான்கு நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும். வேலை முழுக்க வாடிக்கையாளரின் இணையதளத்துக்குள் நுழைந்துதான் செய்ய வேண்டும், கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு செய்ய முடியாது. வீட்டுக்குப் புதிதாக இணைய இணைப்பு எடுத்திருந்தேன். மூன்று வருடமாக அலுவலக மேசையை விட்டு நகராத என் சொந்த லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, வைஃபை கடவுச்சொல்லைப் போட்டு, பிரவுசரைத் திறந்தேன். "No internet" என்று பெரிய எழுத்தில் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றுவதற்குக் காரணம், அந்த நான்கு நாளும் நான் தனியாக உட்கார்ந்து தேடியபோது எல்லோரும் ஒரே பத்து யோசனைகளைத்தான் சொன்னார்கள். என் பிரச்சினை அந்தப் பத்தில் எதிலும் இல்லை. லேப்டாப்பில் ஒரே ஒரு பொத்தான் ஆன் ஆகியிருந்தது, அவ்வளவுதான். அதை அணைக்க பத்து நொடி ஆனது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த வேலை கையை விட்டுப் போனது, தேவையில்லாமல் ஒரு ரௌட்டரும் ஒரு யு.எஸ்.பி. வைஃபை அடாப்டரும் வாங்கினேன், பழுது பார்த்தவருக்கும் பணம் கொடுத்தேன். எல்லாம் சேர்த்தால் நான் அந்த மாதம் எதிர்பார்த்திருந்த வருமானத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

முதல் நாள் நான் செய்த தவறு எது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. லேப்டாப்பில் இணையம் வரவில்லை என்றதும் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். ஃபோனில் எல்லாம் வந்தது. ஆனால் ஃபோனைப் புது வைஃபையில் நான் சேர்க்கவே இல்லை, அது மொபைல் டேட்டாவில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அந்தச் சோதனையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்து, ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம் என்று லேப்டாப்பில் 192.168.1.1 என்று தட்டினேன். அதுவும் திறக்கவில்லை. அப்போது எனக்கு உறுதியாகிவிட்டது. கண் முன்னால் இருக்கும் பெட்டியின் பக்கமே வரவில்லை என்றால் பெட்டியில்தானே கோளாறு? அன்று சாயங்காலமே போய் வேறு ரௌட்டர் வாங்கி வந்தேன். அதை மாட்டியும் அதே "No internet". அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வேலையை விட்டதே தப்போ என்றுகூட அன்று இரவு தோன்றியது.

ரௌட்டர் பக்கம் ஏன் திறக்கவில்லை என்பதற்கான காரணம் பிற்பாடு தெரிந்தபோதுதான் முழுக் கதையும் எனக்குப் புரிந்தது, அதனால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ப்ராக்ஸி என்பது நமக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு கணினி. பல அலுவலகங்களில் எல்லோருடைய பிரவுசரும் நேராக வெளியே போகக் கூடாது, அந்த ஒரு கணினி வழியாகத்தான் போக வேண்டும் என்று வைத்திருப்பார்கள். நான் சேர்ந்த முதல் நாளே எங்கள் அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளர் என் லேப்டாப்பில் 10.20.1.5 என்ற முகவரியையும் 8080 என்ற போர்ட் எண்ணையும் போட்டுக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை, நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று வருடத்தில் சுத்தமாக மறந்துவிட்டேன். 10 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் உள் நெட்வொர்க்குகளுக்கு என்று ஒதுக்கப்பட்டவை. அந்த அலுவலகச் சுவர்களுக்கு உள்ளேதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. என் வீட்டில் அப்படி ஒரு கணினியே இல்லை. ஆனால் பிரவுசருக்கு அது தெரியாது. எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் "முதலில் 10.20.1.5-இடம் போ" என்ற கட்டளையைத்தான் அது பின்பற்றிக்கொண்டிருந்தது.

சரி, பக்கத்தில் இருக்கும் ரௌட்டருக்கும் ஏன் ப்ராக்ஸி வழியாகப் போக வேண்டும்? "Don't use the proxy server for local (intranet) addresses" என்று ஒரு டிக் விண்டோஸின் ப்ராக்ஸி அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது, என் லேப்டாப்பில் அது போடப்பட்டும் இருந்தது. ஆனால் அதில் "local" என்று எண்ணப்படுவது, printer, intranet என்பது போல நடுவில் புள்ளியே இல்லாத பெயர்களைத்தான். 192.168.1.1 என்பதில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. அதனால் விதிவிலக்குப் பட்டியலில் தனியாக எழுதி வைத்தால் ஒழிய, அந்தக் கோரிக்கையும் ப்ராக்ஸியைத் தேடித்தான் போகும். ஆக, ரௌட்டர் பக்கம் திறக்கவில்லை என்பதை ரௌட்டர் கெட்டுவிட்டதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை நம்பித்தான் நான் ஒரு புது ரௌட்டருக்குப் பணம் கொடுத்தேன். எதையும் வாங்குவதற்கு முன்னால், ஃபோனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் சேர்த்து ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் இணைப்பிலும் ரௌட்டரிலும் குறை இல்லை, லேப்டாப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள் இணைப்பு கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். தன் ஃபோனை வைஃபையில் சேர்த்தார், எல்லாம் வந்தது. "எங்க பக்கம் சரியா இருக்கு, உங்க லேப்டாப்பைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான், ஆனால் அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் போனதும் என் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து லேப்டாப்பை அதில் சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. வேறு வேறு இரண்டு இணைப்புகளில் வரவில்லை என்றால் லேப்டாப்பின் வைஃபை பாகமே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். இது என்னுடைய இரண்டாவது தவறான முடிவு.

ஹாட்ஸ்பாட்டில் வராததற்கும் காரணம் அதே ப்ராக்ஸிதான். ஃபோனில் ப்ராக்ஸி போட்டால் அது அந்த ஒரு வைஃபை பெயரோடு மட்டும் சேர்ந்து சேமிக்கப்படும். வேறு வைஃபைக்குப் போனால் அது கூட வராது. விண்டோஸில் நாம் கையால் போடும் ப்ராக்ஸி அப்படி இல்லை. அது நெட்வொர்க்கோடு ஒட்டுவதில்லை, பயனர் கணக்கோடு ஒட்டிக்கொள்கிறது. வீட்டு வைஃபை, ஃபோன் ஹாட்ஸ்பாட், நேரடி கேபிள் என்று எதில் சேர்த்தாலும் அதே 10.20.1.5 கூடவே வரும். ஃபோனில் பழகியவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

அன்று ராத்திரி முழுக்க ஃபோனில் தேடித் தேடி, கிடைத்த கட்டளைகளை எல்லாம் லேப்டாப்பில் தட்டினேன். ஒவ்வொன்றைப் போட்ட பிறகும் மறுதொடக்கம் செய்து, நெஞ்சு படபடக்கப் பிரவுசரைத் திறப்பேன். அதே பக்கம்தான் வரும். நான் தட்டியவை இவை:

```
ipconfig /flushdns
netsh winsock reset
netsh int ip reset
netsh winhttp reset proxy
```

முதல் மூன்றும் வேறு நோய்களுக்கான மருந்து. பெயர்களைத் தேடும் நினைவகத்தையும், நெட்வொர்க் அடுக்கின் அடிப்படை அமைப்புகளையும் அவை புதுப்பிக்கும். பிரவுசர் பயன்படுத்தும் ப்ராக்ஸியைத் தொடாது. டி.என்.எஸ். முகவரியை 8.8.8.8 என்று மாற்றிப் பார்த்ததும் வீண்தான். ப்ராக்ஸி ஆன் ஆகியிருக்கும்போது இணையதளத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிரவுசர் செய்வதே இல்லை, பெயரை அப்படியே ப்ராக்ஸியிடம் கொடுத்துவிடும்.

நான்காவது கட்டளையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் proxy என்ற சொல்லே இருக்கிறது. அதைத் தட்டியதும் "Direct access (no proxy server)." என்று பதிலும் வந்தது. அதைப் படித்ததும் என் பிரச்சினை ப்ராக்ஸி இல்லை என்று அந்தப் பக்கத்தையே மூடிவிட்டேன். உண்மையில் விண்டோஸ் இரண்டு இடங்களில் ப்ராக்ஸியை வைத்திருக்கிறது. ஒன்று WinHTTP, பெரும்பாலும் பின்னணியில் ஓடும் சேவைகளுக்கானது. மற்றொன்று ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் உரியது, பிரவுசர்கள் பார்ப்பது இதைத்தான். நான் தட்டிய கட்டளை முதல் இடத்தை மட்டும் காலி செய்தது. அங்கே முன்பும் எதுவும் இருந்திருக்காது. இரண்டாவது இடத்தில் 10.20.1.5 அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்த ஒற்றை வரி பதிலை நம்பாமல் இருந்திருந்தால் இரண்டாம் நாள் இரவே நான் தப்பித்திருப்பேன். வேலையை முடிக்க அப்போதும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. இதை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

மூன்றாம் நாள் லேப்டாப்பைப் பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். அவர் தன் வைஃபையில் சேர்த்துப் பார்த்தார், வரவில்லை. ஃபயர்ஃபாக்ஸை பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவிப் பார்த்தார், அதிலும் வரவில்லை. குரோம், எட்ஜ் இரண்டும் கணினியின் ப்ராக்ஸியைத்தான் எடுத்துக்கொள்ளும், ஃபயர்ஃபாக்ஸும் நாம் மாற்றாத வரை அப்படித்தான். ஆகவே பிரவுசரை மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை. அவர் வைஃபை கார்டு போய்விட்டது என்றார். யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்றை வாங்கி மாட்டினோம். அதுவும் நெட்வொர்க்கில் சேர்ந்தது, பக்கம் மட்டும் திறக்கவில்லை. கடைசியில் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றார்.

அழித்துப் புதிதாகப் போட்டிருந்தால் சரியாகியிருக்கும் என்பதுதான் உண்மை. ப்ராக்ஸியும் சேர்ந்து அழிந்திருக்கும், அவரும் நானும் "விண்டோஸ் கெட்டுப்போயிருந்தது" என்று நம்பியிருப்போம். ஆனால் மூன்று வருடத்தில் நான் சேர்த்த சொல்பட்டியல்கள், அவற்றை வைத்து வேலை செய்யும் மென்பொருள், அதன் உரிமம் எல்லாம் அதில் இருந்தன. மறுபடி எல்லாவற்றையும் நிறுவி ஒழுங்குபடுத்த இன்னும் இரண்டு நாள் ஆகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பார்த்ததற்கான பணத்தைக் கொடுத்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் மீது எனக்குக் குறை இல்லை. நானும் அவரிடம் "நெட் வரலை" என்று மட்டும்தான் சொன்னேன், "அலுவலகத்தில் வந்தது, அங்கிருந்து எடுத்து வந்த நாளிலிருந்து வரவில்லை" என்று சொல்லவில்லை. அது முக்கியமான தகவல் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இடம் மாறிய அதே நாளில் நின்றது என்றால் பாகம் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. பழைய இடத்துக்கு என்று போட்டு வைத்த ஏதோ ஒன்று புது இடத்துக்குப் பொருந்தவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நான்காம் நாள் மதியம் வாடிக்கையாளருக்கு ஃபோனிலிருந்தே மின்னஞ்சல் அனுப்பினேன், இன்று முடியாது என்று. அவர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார், வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாக. அழுகை வந்தது. அன்று சாயங்காலம் பழைய அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்த அண்ணன் ஒருவர், புது வேலை எப்படிப் போகிறது என்று கேட்கத் தற்செயலாக அழைத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கணினித் துறைக்காரர் இல்லை, ஆனால் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பக்கத்துல பெரிய எழுத்தை விடுங்க. கடைசியில சின்னதா ஆங்கிலத்துல ஒரு வரி இருக்கும் பாருங்க, அதை அப்படியே படிங்க."

படித்தேன். ERR_PROXY_CONNECTION_FAILED என்று இருந்தது. அதற்கு மேலேயே "There is something wrong with the proxy server, or the address is incorrect." என்றும் எழுதியிருந்தது. நான்கு நாளில் அந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு முறைகூட "No internet" என்ற தலைப்பைத் தாண்டிப் படிக்கவில்லை.

"அண்ணா, ப்ராக்ஸின்னு இருக்கு."

"அதேதான். எனக்கும் போன வருஷம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனப்போ இப்படித்தான் ஆச்சு. அதை ஆஃப் பண்ணுங்க, வந்துடும்."

ஆஃப் பண்ணுவதற்கு முன்னால் அவர் இன்னொன்றும் செய்யச் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டச் சொன்னார்:

```
curl.exe -I https://example.com
```

உடனே HTTP என்று தொடங்கி 200 என்ற எண்ணோடு பதில் வந்தது. விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளிலும் விண்டோஸ் 11-இலும் curl கூடவே வருகிறது. அது பிரவுசர் பார்க்கும் ப்ராக்ஸி அமைப்பைப் பார்ப்பதில்லை, நேராக வெளியே போகும். ஆக, அதே லேப்டாப், அதே வைஃபை, அதே நிமிடத்தில் curl-க்கு இணையம் இருக்கிறது, பிரவுசருக்கு இல்லை. வைஃபை கார்டும் ரௌட்டரும் இணைப்பும் நன்றாகத்தான் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ping 8.8.8.8 என்று தட்டி நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன், பதில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ping-உம் ப்ராக்ஸி வழியாகப் போவதில்லை என்று தெரியாததால் அந்தப் பதிலை என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. கீழே வலது மூலையில் வைஃபை சின்னமும் நான்கு நாளும் இணைந்திருப்பதாகத்தான் காட்டியது. சின்னம் நன்றாக இருக்கிறது, ping வருகிறது, எந்தப் பிரவுசரிலும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் முதலில் ப்ராக்ஸியைப் பாருங்கள்.

கட்டளைகள் பிடிக்காதவர்கள், விண்டோஸில் இன்னொரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பிரவுசரைத் திறந்து பார்க்கலாம். கையால் போட்ட ப்ராக்ஸி கணக்குக்குக் கணக்கு வேறு என்பதால், புதுக் கணக்கில் பக்கம் திறந்துவிடும். திறந்தால் விடை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இனி அணைப்பது. விண்டோஸ் விசையையும் R-ஐயும் சேர்த்து அழுத்தினால் வரும் சிறு பெட்டியில் இதைத் தட்டினால் நேராக அந்தப் பக்கமே திறக்கும்:

```
ms-settings:network-proxy
```

அங்கே "Manual proxy setup" என்ற பகுதியில் "Use a proxy server" ஆன் ஆகியிருக்கும். அதன் முகவரியையும் போர்ட் எண்ணையும் விதிவிலக்குப் பட்டியலையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள் அல்லது ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி அந்த அலுவலகத்துக்கு இதே லேப்டாப்போடு போனால் தேவைப்படும். பிறகு அணைத்துச் சேமியுங்கள். மறுதொடக்கம் தேவையில்லை. நான் அணைத்துவிட்டு அந்தப் பிரவுசர் பக்கத்தைப் புதுப்பித்தேன். வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே பேச வரவில்லை. அண்ணன்தான் "வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே பக்கத்தில் மேலே "Use setup script" என்று ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள். சில அலுவலகங்கள் முகவரியை நேரடியாகப் போடாமல், ஒரு சிறு கோப்பின் முகவரியை இங்கே போட்டிருப்பார்கள். எந்தத் தளத்துக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பது அந்தக் கோப்பில் எழுதியிருக்கும். அலுவலகத்துக்கு வெளியே அந்தக் கோப்பு கிடைக்காமல் போனால் சில நேரம் பக்கங்கள் திறப்பதற்கு முன் நெடுநேரம் இழுக்கும். முதல் பக்கம் மட்டும் எப்போதும் தாமதமாகத் திறக்கிறது என்றால் இங்கே பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் ப்ராக்ஸியை அதன் உள்ளேயே தனியாகவும் போட முடியும். மற்றவை எல்லாம் திறந்து அது மட்டும் திறக்கவில்லை என்றால், அதன் அமைப்புகளில் "Network Settings" என்ற இடத்தில் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே அணைந்துவிட்டதா என்று சந்தேகம் இருந்தால் இப்படிச் சரிபார்க்கலாம்:

```
reg query "HKCU\Software\Microsoft\Windows\CurrentVersion\Internet Settings" /v ProxyEnable
```

கடைசியில் 0x1 என்று வந்தால் ஆன், 0x0 என்று வந்தால் ஆஃப். அணைத்த பிறகும் சில மணி நேரத்திலோ அடுத்த முறை கணினியை ஆன் செய்யும்போதோ இது மறுபடி 0x1 ஆகிறது என்றால், ஏதோ ஒரு மென்பொருள் அதைத் திரும்பப் போடுகிறது. அப்போது முகவரியைக் கவனியுங்கள். 127.0.0.1 என்று இருந்தால் அது உங்கள் கணினியையே குறிக்கும். அதாவது கணினிக்குள் ஓடும் ஒரு மென்பொருள் ப்ராக்ஸியாக நிற்கிறது. சில விளம்பரத் தடுப்பான்கள், சில வி.பி.என். செயலிகள், இணையப் போக்குவரத்தைச் சோதிக்கும் கருவிகள் இப்படிச் செய்யும். அவை பாதியில் நின்றுபோனால் அமைப்பு மட்டும் மிஞ்சிவிடும், பிரவுசர் இல்லாத ஒன்றின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்த மென்பொருளை மறுபடி திறந்து முறையாக மூடினாலே பல நேரம் சரியாகிவிடும். நீங்கள் எதையும் நிறுவாமலேயே அப்படி இருந்தால் அது தீங்கான மென்பொருளாக இருக்கலாம், உடனே முழுதாகச் சோதித்துப் பாருங்கள்.

அலுவலகமே கொடுத்த லேப்டாப் என்றால் கதை வேறு. அங்கே இந்தப் பொத்தான் மங்கலாக, தொட முடியாமல் இருக்கலாம், நிர்வாகம் பூட்டி வைத்திருப்பதால். வழிகளைத் தேடி அதை உடைக்கப் பார்க்காதீர்கள், கணினிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் வெளியிலிருந்து வேலை செய்பவர்களுக்கு என்று வேறு ஏற்பாடு ஒன்று அவர்களிடம் இருக்கும்.

வி.பி.என்.-உம் இதே மாதிரி ஒரு பொறியை வைத்திருக்கிறது. பல வி.பி.என். செயலிகளில், இணைப்பு அறுந்தால் வேறு எதையும் வெளியே விடாதே என்று ஒரு பூட்டு உண்டு, அதற்கு கில் சுவிட்ச் என்று பெயர். ஆண்ட்ராய்டு ஃபோனில் வி.பி.என். அமைப்பில் "Always-on VPN" என்றும் "Block connections without VPN" என்றும் இருக்கும். சந்தா முடிந்தோ, புது நெட்வொர்க் அந்த வி.பி.என்.-ஐத் தடுத்தோ விட்டால், பூட்டு மட்டும் விழுந்தபடி நிற்கும். ஆனால் ப்ராக்ஸியிலிருந்து இதைப் பிரித்து அறிவது எளிது. பூட்டு விழுந்தால் பிரவுசர் மட்டும் இல்லை, பொதுவாக எல்லாச் செயலிகளும் நின்றுவிடும். ping-உம் curl-உம் சேர்ந்து நிற்கும். அதனால்தான் curl-ஐத் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன். curl வந்து பிரவுசர் வரவில்லை என்றால் ப்ராக்ஸி பக்கம் போங்கள். இரண்டுமே வரவில்லை, ஆனால் அதே வைஃபையில் வேறு ஒரு கருவியில் வருகிறது என்றால், எப்போதோ நிறுவிய வி.பி.என். ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிய ரௌட்டரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, பெட்டியைப் பிரித்துவிட்டேன். அடாப்டர் இழுப்பறையில் கிடக்கிறது. அந்த வாடிக்கையாளருக்கு ஒரு வாரம் கழித்து நடந்ததை மறைக்காமல் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு சிறு வேலை அனுப்பினார், இப்போது தொடர்ந்து அனுப்புகிறார்.

சென்ற மாதம் அதே அலுவலகத்தை விட்டு இன்னொரு தோழியும் கிளம்பினாள், சொந்த லேப்டாப்போடு. கடைசி நாள் மேசையை விட்டு எழுவதற்கு முன்னால், அலுவலக வைஃபையைத் துண்டித்துவிட்டு உன் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து பார் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். திறக்கவில்லையாம். கணினிப் பொறுப்பாளர் இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார், அங்கேயே அணைத்துக் கொடுத்துவிட்டார்.